விடயம்: கடை இணையத்தளத்தின் டொமைன், ஹோஸ்டிங், கோட் மூன்றையும் என் கணக்குக்கு மாற்றித் தருதல்

வணக்கம் தம்பி,

சனிக்கிழமை போனில் கதைத்ததை எழுத்திலும் அனுப்புகிறேன். கடைசித் தவணை 45,000 ரூபாவை ஒக்டோபர் 3ஆம் திகதி வங்கியில் போட்டேன், பற்றுச்சீட்டை இணைத்திருக்கிறேன். வேறு பாக்கி இருந்தால் பில்லை அனுப்புங்கள், அன்றைக்கே தீர்க்கிறேன்.

எனக்குப் பெரிய பயம் டொமைன்தான். .com டிசம்பர் 12ஆம் திகதி முடிகிறது. அறிவித்தல் உங்கள் மின்னஞ்சலுக்குத்தான் போகும், என் பெயர் அதில் எங்கேயும் இல்லை. லண்டன், டொரொண்டோ ஆட்கள் நத்தாருக்கென்று மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் கேட்கிற நேரம் அது. உரிமையாளர் பெயரை மாற்றினால் 60 நாள் பூட்டு விழும் என்றீர்கள். மருமகனிடம் கேட்டேன்: அந்தப் பூட்டு வேறு பதிவு நிறுவனத்துக்குக் கொண்டுபோவதற்குத்தானாம். நான் எங்கேயும் கொண்டுபோகவில்லை. அதே நிறுவனத்தில் இந்த மின்னஞ்சலிலேயே கணக்குத் திறந்துவிட்டேன். உங்கள் கணக்கிலிருந்து அதற்கு மாற்றிவிட்டால் போதும். .lk பெயரையும் அப்படியே என் பெயருக்கு மாற்ற வேண்டும். என் கையெழுத்தோ அடையாள அட்டைப் பிரதியோ தேவையென்றால் சொல்லுங்கள்.

மாற்றும்போது நேம்சேர்வரைத் தொடாதீர்கள். ஓடர் மின்னஞ்சல்கள் அந்த டொமைனில்தான் வருகின்றன. இப்போதுள்ள டிஎன்எஸ் பதிவுகள் முழுவதையும், எம்எக்ஸ் உட்பட, ஒரு ஃபைலாக அனுப்பிவிடுங்கள்.

ஹோஸ்டிங்கில் மற்ற வாடிக்கையாளர்களின் தளங்களும் இருப்பதால் கடவுச்சொல் தரமுடியாது என்பது நியாயம்தான். சிபனலில் இருந்து என் தளத்தின் ஃபைல், டேட்டாபேஸ், மின்னஞ்சல் பெட்டி எல்லாம் சேர்ந்த முழு பேக்கப் தாருங்கள். புது இடம் தயார். பழையதை டிசம்பர் 31 வரை மட்டும் ஓடவிடுங்கள், அதற்கான காசு தருகிறேன். மாற்றுகிற இரவு டேட்டாபேஸை இன்னொருமுறை எடுக்கவேண்டி வரும். இல்லாவிட்டால் இடையில் வந்த ஓடர்கள் தவறிவிடும்.

கிட்ஹப்பில் உள்ள கோட் முழுவதையும் zip ஆக அனுப்பாமல் Settings பக்கத்தில் உள்ள Transfer ownership வழியாகவே மாற்றுங்கள், பழைய கொமிற்களும் வரட்டும். அழைப்பு ஒரு நாளில் காலாவதியாகுமாம், அதனால் அனுப்புமுன் ஒரு கோல் எடுங்கள். `.env` ஃபைலை மட்டும் மின்னஞ்சலில் போடவேண்டாம். திருநெல்வேலிப் பக்கம் வரும்போது பென்டிரைவில் கடையில் தந்துவிடுங்கள், ஒரு கிலோ தூள் எடுத்துவைக்கிறேன். காசு கட்டும் கேட்வேயின் சாவிகளை நாங்களே பிறகு மாற்றிக்கொள்வோம்.

நவம்பர் 14, வெள்ளிக்கிழமைக்குள் டொமைன் இரண்டும் என் கணக்கில் வந்துவிட வேண்டும். மற்றவை அடுத்த கிழமை முடிந்தாலும் பரவாயில்லை. இந்த மின்னஞ்சல் கிடைத்ததென்று இன்றைக்கே ஒரு வரி போடுங்கள்.

அன்புடன்,
தூள்கடை அக்கா
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்