வாழ்க்கைக் கணக்கா? முதலில் கதையைப் பிடி!

(நான்காம் வகுப்பு, கணக்குச் சுவர். எப்போது வேண்டுமானாலும் எழுந்து வந்து பார்க்கலாம், டீச்சரிடம் கேட்க வேண்டியதில்லை.)

இதுதான் நம் கணக்கு:

மாமா விடிகாலை 5 மணிக்கே சேலம் மண்டிக்குப் போய் 6 கூடை மாம்பழம் வாங்கினார். ஒவ்வொரு கூடையிலும் 24 பழங்கள் இருந்தன. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் 15 பழங்கள் அழுகியிருந்தன. நல்ல பழங்களை 3 கடைகளுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்தார். ஒரு கடைக்கு எத்தனை பழங்கள் கிடைத்தன?

1. பென்சிலைக் கீழே வை. வாசி.

இரண்டு தடவை வாசி. முதல் தடவை கதை மாதிரி வாசி. இரண்டாம் தடவை ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் நின்று, மனதுக்குள் என்ன தெரிகிறது என்று பார். கூடை தெரிகிறதா? அழுகின பழம் தெரிகிறதா?

இப்போது புத்தகத்தை மூடிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் கதையைச் சொல். எண் எதுவும் சொல்லக் கூடாது!

"மாமா கூடை கூடையா மாம்பழம் வாங்கினாரு. கொஞ்சம் அழுகிப்போச்சு. மிச்சத்தைக் கடைகளுக்குச் சமமாப் பிரிச்சுக் கொடுத்தாரு. ஒரு கடைக்கு எவ்வளவுன்னு கேக்கறாங்க."

இப்படிச் சொல்ல வந்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது. சொல்ல வரவில்லையா? பரவாயில்லை, திரும்ப வாசி. மூன்றாம் தடவை வாசிப்பதைப் பார்த்து இந்த வகுப்பில் யாரும் சிரிக்க மாட்டோம்.

2. என்ன கேட்கிறார்கள்?

கேள்விக்குக் கீழே கோடு போடு. விடை வாக்கியத்தை இப்போதே எழுதி, எண் வர வேண்டிய இடத்தில் கட்டம் போட்டு வை:

ஒரு கடைக்கு ▢ பழங்கள் கிடைத்தன.

3. எந்த எண் வேண்டும், எந்த எண் வேண்டாம்?

6, 24, 15, 3 வேண்டும். 5 மணி வேண்டாம். மாமா எத்தனை மணிக்கு எழுந்தாலும் பழத்தின் எண்ணிக்கை மாறாது. கணக்கில் இருக்கிற எல்லா எண்ணையும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை.

எழுத்துக்குள் ஒளிந்திருக்கும் எண்ணையும் தேடு. ஒரு டஜன் என்றால் 12. ஒரு வாரம் என்றால் 7 நாள். ஒரு ஜோடி கொலுசு என்றால் 2.

4. படம் போடு.

அழகாக இருக்க வேண்டாம். மாம்பழத்துக்குக் காம்பும் இலையும் வரைந்துகொண்டிருந்தால் மணி அடித்துவிடும். கட்டம் போதும்:

| 24 | 24 | 24 | 24 | 24 | 24 |  ← வாங்கியது

| அழுகியது 15 | நல்ல பழங்கள் |

| கடை 1 | கடை 2 | கடை 3 |  ← நல்ல பழங்கள் மட்டும்

மூன்று வரிப் படம் வந்திருக்கிறது. அப்படியென்றால் கணக்கும் மூன்று வேலைதான். படமே சொல்லிவிட்டது, பார்த்தாயா?

5. கூட்டலா, கழித்தலா, பெருக்கலா, வகுத்தலா?

இங்கேதான் நிறைய பேர் வழுக்கி விழுகிறோம். அதனால் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படி.

"மொத்தம்" என்றால் கூட்டல், "அதிகம்" என்றால் கூட்டல், "மீதி" என்றால் கழித்தல் என்று ஒரு வார்த்தையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே. இதைப் பார்:

*அண்ணன் 5 தட்டுவடை செட் சாப்பிட்டான். அது நான் சாப்பிட்டதைவிட 2 அதிகம். நான் எத்தனை செட் சாப்பிட்டேன்?*

"அதிகம்" என்று இருக்கிறது. உடனே 5 + 2 = 7 என்று போட்டால் அண்ணனைவிட நான் அதிகம் சாப்பிட்டதாக ஆகிவிடும். கதையில் நிறையச் சாப்பிட்டது யார்? அண்ணன். அப்போது என்னுடையது குறைவு. 5 − 2 = 3. நான் 3 செட்.

வார்த்தை ஏமாற்றலாம். கதை ஏமாற்றாது. உன்னையே இப்படிக் கேள்:

• வேறு வேறு அளவுகள் ஒன்றாகச் சேர்கின்றனவா? கூட்டல்.
• இருப்பதிலிருந்து போகிறதா? இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்கிறார்களா? கழித்தல்.
• ஒரே அளவு திரும்பத் திரும்ப வருகிறதா? பெருக்கல்.
• சமமாகப் பிரிகிறதா? வகுத்தல்.

6. முதலில் உத்தேசமாக, பிறகு சரியாக.

24 ஏறக்குறைய 25. ஆறு 25 என்றால் 150. ஆகவே வாங்கிய பழம் 150க்குக் கொஞ்சம் குறைவாக வரும். இனி செய்:

6 × 24 = 144 (வாங்கிய பழங்கள்)
144 − 15 = 129 (நல்ல பழங்கள்)
129 ÷ 3 = 43

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது என்ன என்று எழுது. 129 என்று மட்டும் எழுதினால், பழமா கூடையா என்று கொஞ்ச நேரம் கழித்து உனக்கே தெரியாது.

கிலோவும் கிராமும் கலந்து வந்தால் முதலில் ஒன்றாக மாற்று. பாட்டி ஏற்காட்டில் வாங்கிய 2 கிலோ காப்பித்தூளை 250 கிராம் பொட்டலமாகக் கட்டினால் எத்தனை? 2 கிலோ = 2000 கிராம். 2000 ÷ 250 = 8 பொட்டலம்.

7. திரும்பிப் பார்.

வந்த வழியே பின்னால் நட. 43 × 3 = 129. அழுகிய 15 சேர்த்தால் 144. அதை 6 கூடையில் போட்டால் கூடைக்கு 24. சரி! இப்போது கட்டத்தை நிரப்பு: ஒரு கடைக்கு 43 பழங்கள் கிடைத்தன.

வகுத்தலில் மீதி வந்தால் கதையிடம் கேள், அதுதான் வழி சொல்லும்:

*ஏற்காடு ஏரியில் ஒரு படகில் 4 பேர் உட்காரலாம். 38 பேருக்கு எத்தனை படகு?* 38 ÷ 4 = 9, மீதி 2. விடை 9 என்று எழுதினால் இரண்டு பேர் கரையிலேயே நிற்பார்கள். அவர்களை விட்டுவிட்டா போவோம்? 10 படகு.

*ஒரு செட்டுக்கு 2 தட்டுவடை. 39 தட்டுவடையில் எத்தனை முழு செட் போடலாம்?* 39 ÷ 2 = 19, மீதி 1. இங்கே 19தான். ஒரே ஒரு தட்டுவடையை வைத்து எப்படி செட் போடுவது? அதைச் சும்மா சாப்பிட்டுவிடலாம்.

எங்கேயாவது மாட்டிக்கொண்டால்

பெரிய எண்ணை எடுத்துவிட்டுச் சின்ன எண் போட்டுப் பார். 6 கூடைக்குப் பதில் 2 கூடை, 24க்குப் பதில் 5 பழம். வழி தெரிந்ததும் பழைய எண்ணைத் திரும்பப் போடு. அப்போதும் வரவில்லை என்றால் உன் படத்தோடு என்னிடம் வா. தப்பான படமாக இருந்தாலும் கொண்டு வா. அதில் எந்த இடம் வரைக்கும் சரி என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். ரப்பர் போட்டு அழித்துவிட்டு வராதே.

இந்த வாரக் கணக்கு

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நம் பஸ் அரை மணி நேரம் ஓடி, 13ஆவது வளைவுக்குச் சற்று முன்னால் நிற்கிறது. இன்னும் எத்தனை வளைவுகளைத் தாண்ட வேண்டும்?

விடையை மட்டும் எழுதாதே. மஞ்சள் சீட்டில் பாதையை வரைந்து, பஸ் எங்கே நிற்கிறது என்று காட்டி, இந்தச் சார்ட்டுக்குக் கீழே ஒட்டு. வெள்ளிக்கிழமை எல்லாப் படங்களையும் சேர்ந்து பார்ப்போம்.