டீக்கடைக் கிளை எடுக்க வருபவர்களுக்கு: கையில் எவ்வளவு நிற்கும், எப்போது நிற்கும்

வணக்கம். தண்டையார்பேட்டையில் தலைமைச் சமையற்கூடம் வைத்து, வடசென்னைக்குள் கிளைகள் கொடுத்து வருகிறோம். "5 லட்சம் போடுங்கள், மாதம் 80,000 உத்தரவாதம்" என்று எங்கள் பெயரில் ஒரு பழைய நோட்டீஸ் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது செல்லாது. எந்தக் கிளைக்கும் எந்த வருமானத்துக்கும் நாங்கள் உத்தரவாதம் தருவதில்லை. எங்கள் ஆட்கள் யாராவது வாய்மொழியாகச் சொன்னாலும் அதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

கிளைகள் என்ன சம்பாதிக்கின்றன

இதுவரை 17 கிளைகள் திறந்திருக்கிறோம். 3 கிளைகள் மூடப்பட்டுவிட்டன. 3 கிளைகளுக்கு இன்னும் ஓர் ஆண்டு நிறையவில்லை. மற்ற 11 கிளைகளின் முழு ஆண்டுக் கணக்கு எங்களிடம் இருக்கிறது. எல்லாச் செலவும் போக உரிமையாளர் கையில் மாதச் சராசரியாக நின்ற தொகை இது:

2 கிளைகளில் 50,000-க்கு மேல்.
5 கிளைகளில் 22,000 முதல் 38,000 வரை.
3 கிளைகளில் 8,000 முதல் 15,000 வரை.
1 கிளையில் மாதம் சுமார் 4,000 நஷ்டம்.

50,000-க்கு மேல் எடுக்கும் அந்த இரண்டைப் பார்த்துத்தான் எல்லோரும் ஆசையோடு வருகிறார்கள். அவை எப்படி ஓடுகின்றன என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுமே உரிமையாளரின் சொந்தக் கட்டடத்தில் இருக்கின்றன, வாடகை கிடையாது. ஒன்று பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டு ஜவுளிக் கூட்டத்தை ஒட்டி. இன்னொன்று திருவொற்றியூரில் மெட்ரோவிலிருந்து இறங்கி நடப்பவர்கள் வழியில். காலை ஐந்து மணிக்கு ஷட்டரைத் தூக்குவதும் கல்லாவில் உட்காருவதும் குடும்பத்து ஆட்கள்தான். அந்த இடத்துக்கு இன்றைய வாடகையையும் குடும்பத்தார் உழைப்புக்குச் சம்பளத்தையும் போட்டுப் பார்த்தால் அந்த 50,000 நடு வரிசைக்கு வந்துவிடும்.

மேலே உள்ள எந்தத் தொகையிலும் கடன் தவணை கழிக்கப்படவில்லை. 5 லட்சத்தை 12 சதவீத வட்டிக்கு ஐந்து ஆண்டு தவணையில் வாங்கினால் மாதம் 11,122 ரூபாய் கட்ட வேண்டும். கடன் வாங்கிக் கடை போடுபவர்கள் முதலில் இதைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

நடுத்தரக் கிளை ஒன்றின் மாதக் கணக்கு

ஒரு நாளில் 280 டீ 15 ரூபாய்க்கும், 50 காபி 20 ரூபாய்க்கும் போகிறது. வடை, பஜ்ஜி, பிஸ்கட் எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய். ஆக நாளுக்கு 7,500, முப்பது நாளுக்கு 2,25,000. 280 டீ என்றால் காலை ஐந்து முதல் இரவு ஒன்பது வரை, மணிக்குப் பதினேழு பதினெட்டு கிளாஸ் கை மாற வேண்டும். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கடை தூங்கும், ஆகவே காலையிலும் சாயங்காலமும் அதன் இரண்டு மடங்கு ஓட வேண்டும்.

செலவு:

பால், நாளுக்கு 26 லிட்டர், லிட்டர் 58 ரூபாய்: 45,240
டீத்தூள், காபித்தூள், சர்க்கரை: 20,340
வடை, பஜ்ஜி, பிஸ்கட்டுக்கான சரக்கு: 37,950
கடைக் காஸ் சிலிண்டர் (19 கிலோ) 8, ஒன்று 1,900 வீதம்: 15,200
மாஸ்டர் நாள் கூலி 800, உதவியாள் 500: 39,000
வாடகை: 18,000
கரண்ட், தண்ணீர், பேப்பர் கப், குப்பை: 11,000
எங்களுக்கு ராயல்டி 4 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.: 10,620
கடைக்கான ஜி.எஸ்.டி., காம்போசிஷன் முறையில் 5 சதவீதம்: 11,250

மொத்தம் 2,08,600. மிச்சம் 16,400.

உதவியாளுக்குப் பதில் நீங்களே நின்றால் அந்தக் கூலி 15,000 மிஞ்சும், கையில் 31,400 இருக்கும். மேலே 22,000 முதல் 38,000 என்று சொன்ன ஐந்து கிளைகளிலும் உரிமையாளரோ வீட்டு ஆளோ முழு நேரம் நிற்கிறார். "ஆளை வைத்து ஓட்டிக்கொள்ளலாம், மாதா மாதம் பணம் வரும்" என்று நினைத்து வருகிறவர்களுக்கு எங்கள் கிளை ஒத்துவராது. அரசு வேலையில் இருந்துகொண்டு பக்கத்தில் ஒரு கடை என்று கேட்டு வந்தவர்களையும் நாங்கள் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

ஜி.எஸ்.டி. வரி பலருக்குத் தெரியாமலே போகிறது. ஆண்டு விற்பனை 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும். நாளுக்கு 7,500 என்றாலே ஆண்டுக்கு 27 லட்சம். காம்போசிஷன் முறையில் அந்த 5 சதவீதத்தை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்க முடியாது, உங்கள் 15 ரூபாய்க்குள்ளேயே அடங்க வேண்டும்.

எது மாறினால் எவ்வளவு மாறும்

பால் லிட்டருக்கு 2 ரூபாய் ஏறினால் மாதம் 1,560 குறையும். நாளுக்கு 60 டீ குறைந்தால், சரக்கும் வரியும் ராயல்டியும் மிஞ்சுவது போக, கையில் சுமார் 14,000 குறையும். எதிர் வரிசையில் இன்னொரு டீக்கடை வந்தால் 60 டீ போவது பெரிய விஷயமே இல்லை. நல்ல மாஸ்டர் வேறு கடைக்குப் போனாலும் அப்படித்தான். வடசென்னையில் ஆட்கள் கடைக்கு வருவதைவிட மாஸ்டர் கைக்குத்தான் வருகிறார்கள். எங்கள் தூள், எங்கள் அளவு எல்லாம் கொடுத்தாலும் பாலைப் பதமாகக் காய்ச்சத் தெரியாத கைக்குப் போனால் ருசி போய்விடும். மாஸ்டருக்கு ஐந்து நாள் பயிற்சி தருகிறோம். அவர் விலகினால் அடுத்த மாஸ்டரைத் தேடிப் பிடிக்க உதவுவோம், ஆனால் கிடைப்பார் என்று சொல்ல முடியாது.

இடத்துக்கு இடம் மாதக் கணக்கும் வேறு. காசிமேட்டில் இடம் பார்ப்பவர்கள் மீன்பிடித் தடைக்காலத்தைக் கணக்கில் வைக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஐஸ் ஏற்றுகிற ஆள், வலை பின்னுகிற ஆள், ஏலத்துக்கு வருகிற வியாபாரி யாரும் விடிகாலையில் வந்து நிற்க மாட்டார்கள். எங்கள் காசிமேடு கிளையில் அந்த இரண்டு மாதமும் விற்பனை பாதிக்குக் கீழே போகும், வாடகை மட்டும் அப்படியே இருக்கும். மற்ற பத்து மாதத்தில் சேர்த்து வைத்ததில்தான் அது ஓடுகிறது. ராயபுரம், மண்ணடி பக்கம் ரமலான் மாதத்தில் பகல் வியாபாரம் அடங்கி, நோன்பு திறந்த பிறகு ராத்திரியில் எழும். அதற்கேற்ப ஆள் நேரத்தை மாற்றிக்கொண்டால் சமாளிக்கலாம். வண்ணாரப்பேட்டையில் தீபாவளிக்கு முன் கூட்டம் அள்ளும், அந்த மாத விற்பனையை வைத்து ஆண்டு முழுவதையும் எடை போடக் கூடாது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும்போது டீ போகும், வரிசை நகர்ந்தால் போகாது. வியாசர்பாடி, புளியந்தோப்பு போன்ற தாழ்வான தெருக்களில் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நின்றால் கடை திறக்கவே முடியாத நாட்கள் வரும்.

முதலீடு, முழுசாக

கிளைக் கட்டணம் 2,00,000. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 36,000. கடை அட்வான்ஸ் எட்டு மாத வாடகை என்று வைத்தால் 1,44,000, இது கட்டட உரிமையாளரிடம் இருக்கும். மேடை, அடுப்பு, பாய்லர், சிங்க், போர்டு, ஒயரிங் 3,10,000. முதல் சரக்கு 25,000. உணவுப் பாதுகாப்பு உரிமம், மாநகராட்சித் தொழில் உரிமம், ஈ.பி. டெபாசிட் எல்லாம் சேர்த்து சுமார் 20,000. கடை பிடித்துக்கொள்ளும் வரை தாங்க 1,20,000 கையில் இருக்க வேண்டும். மொத்தம் 8,55,000.

அட்வான்ஸையும் கைப்பணத்தையும் ஒதுக்கினால் திரும்ப வராத முதலீடு 5,91,000. மாதம் 31,400 நின்றால் அதை எடுக்க சுமார் 19 மாதம் ஆகும். ஆனால் அந்த 31,400-இல் 15,000 உங்கள் உழைப்புக்கான கூலி. அதைத் தனியாக வைத்துப் பார்த்தால் 36 மாதம். ஒப்பந்தமும் மூன்று ஆண்டுதான், நீட்டிக்க 50,000 கட்ட வேண்டும். இதை நன்றாக யோசியுங்கள்.

மூடிய 3 கிளைகள்

ஒன்றில் இரண்டாம் ஆண்டில் வாடகை 16,000-இலிருந்து 24,000 ஆனது. இன்னொன்றில் உரிமையாளர் வேறு வேலைக்குப் போனார், கடை சம்பள ஆட்கள் கையில் இருந்தது, ஏழு மாதத்தில் கணக்கு கைமீறிப் போனது. மூன்றாவது கடை முன்னே வடிகால் தோண்டினார்கள், ஐந்து மாதம் பள்ளம் மூடவில்லை. மூவருக்கும் கிளைக் கட்டணம் திரும்பக் கிடைக்கவில்லை. பழைய அடுப்பு, பாய்லரை விற்றதில் போட்டதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

நாங்கள் எதில் சம்பாதிக்கிறோம்

கிளைக் கட்டணம், ராயல்டி, தூள் விற்பனை. டீத்தூளைக் கிலோ 420-க்குத் தருகிறோம், அதில் எங்கள் லாபமும் இருக்கிறது. டீத்தூளும் காபித்தூளும் எங்களிடம்தான் வாங்க வேண்டும். பால், சர்க்கரை, எண்ணெய், காய்கறி எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். ராயல்டி லாபத்தில் இல்லை, விற்பனையில் எடுக்கப்படுகிறது. உங்களுக்கு நஷ்டம் வந்த மாதத்திலும் அது உண்டு. காசிமேடு, ராயபுரம் துறைமுகப் பக்கக் கிளைகளுக்கு மட்டும் தடைக்காலத்தில் ராயல்டி பாதி.

உங்கள் கடையைச் சுற்றி 600 மீட்டருக்குள் எங்கள் இன்னொரு கிளை வராது. மற்றவர்கள் கடை போடுவதை நாங்கள் தடுக்க முடியாது.

பணம் கட்டும் முன்

பிரான்சைஸுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் பேசும், நோட்டீஸோ வாய்ப்பேச்சோ பேசாது. அதனால் இந்தத் தாளின் ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தத்தோடு இணைக்கிறோம். வரைவை வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரு வக்கீலிடமும், வரி கணக்கு பார்ப்பவரிடமும் காட்டுங்கள். 14 நாளுக்கு முன் உங்களிடம் கையெழுத்து கேட்க மாட்டோம்.

11 கிளைகளின் விலாசமும், மூடிய மூவரில் பேசச் சம்மதித்த இருவரின் தொலைபேசி எண்ணும் தருவோம். யாரைப் பார்ப்பது என்று நீங்களே தேர்ந்தெடுங்கள், எங்கள் ஆள் கூட வர மாட்டார். நீங்கள் பிடித்த இடத்துக்கு எதிரே காலை ஆறிலிருந்து ஒன்பது வரையும், சாயங்காலம் நாலிலிருந்து ஏழு வரையும் ஒரு வாரம் நின்று, பக்கத்து டீக்கடையில் எத்தனை கிளாஸ் போகிறது என்று எண்ணி எழுதி வாருங்கள். அந்தத் தாள் இல்லாமல் வருபவர்களிடம் இடம் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

கட்டணம் கட்டிய பிறகு 90 நாளுக்குள் இடம் அமையாவிட்டால் 1,50,000 திருப்பித் தருவோம். மிச்சம் 50,000 பயிற்சி, இடம் பார்த்த செலவுக்குப் போகும். அந்த 2,00,000 மீது கட்டிய ஜி.எஸ்.டி.-யில், திருப்பித் தரும் தொகைக்கு உரிய 27,000-மும் சேர்த்தே தருவோம். கடை திறந்த பிறகு கட்டணம் திரும்பாது. நடுவில் விலக நினைத்தால் மூன்று மாதம் முன்பே எழுதிக் கொடுங்கள், கிளையை வேறொருவருக்கு மாற்றிவிட எங்கள் சம்மதம் வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் வாங்க மாட்டோம்.

செவ்வாய், வியாழன் சாயங்காலம் மூன்று முதல் ஐந்து வரை தண்டையார்பேட்டைச் சமையற்கூடத்தில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுவோம். வீட்டில் கடையில் நிற்கப் போகிறவரையும் கூட்டி வாருங்கள். முதல் சந்திப்பில் டோக்கன், புக்கிங் என்று எந்தப் பெயரிலும் பணம் வாங்க மாட்டோம்.