பிளீடு, பாரம், ஜிஎஸ்எம் என்றால் என்ன? முதல் புத்தகம் அச்சிடுபவர்களுக்கான சொல் விளக்கம்

கீழே வரும் கணக்குகள் எல்லாம் ஒரே புத்தகத்துக்கு: ஏ5 அளவு (148 × 210 மி.மீ.), 160 பக்கம், உள்ளே ஒற்றை வண்ணம், அட்டை பல வண்ணம்.

ஜிஎஸ்எம் என்றால் என்ன?
ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். 80 ஜிஎஸ்எம் தாளில் வெட்டிய ஓர் ஏ4 ஏறத்தாழ 5 கிராம் இருக்கும். நம் புத்தகத்தில் 80 ஏ5 தாள்கள். அட்டை நீங்கலாக 200 கிராம். தபால் செலவை இப்போதே கணக்குப் போட்டுவிடலாம். ஜிஎஸ்எம் எடையைத்தான் சொல்கிறது, தடிமனை அல்ல. ஒரே ஜிஎஸ்எம்மில் பளபளப்பான ஆர்ட் பேப்பர் மெலிதாகவும், பூச்சில்லாத தாள் தடிமனாகவும் இருக்கும்.

பாரம் என்றால் என்ன?
ஒரு பெரிய தாளின் இரு புறமும் அச்சிட்டு மடித்தால் கிடைக்கும் பக்கத் தொகுதி. பெரும்பாலும் 16 பக்கம், சில இயந்திரங்களில் 8. நம் புத்தகம் சரியாகப் பத்து பாரம். 164 பக்கம் என்றால் மிஞ்சும் நாலு பக்கத்துக்குத் தனியாக பிளேட் எனும் அச்சுத் தகடு போட்டு, தனியாக ஓட்டி, தனியாக மடிக்க வேண்டும். முன்னுரையில் நாலு பத்தியைக் குறைப்பது மலிவு.

பிளீடு என்றால் என்ன?
வெட்டும் கோட்டைத் தாண்டி வெளியே நீட்டி வைக்கும் படம் அல்லது நிறம். ஒவ்வொரு ஓரத்திலும் 3 மி.மீ. நூற்றுக்கணக்கான தாள்களை அடுக்கி ஒரே வெட்டாக வெட்டும்போது கத்தி அரை மில்லிமீட்டராவது நகரும். பிளீடு இல்லாவிட்டால் அட்டையின் ஓரத்தில் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். இதே காரணத்துக்காக எழுத்துகளை வெட்டும் கோட்டிலிருந்து குறைந்தது 5 மி.மீ. உள்ளே தள்ளி வையுங்கள்.

முதுகு என்றால் என்ன?
அலமாரியில் நிற்கும்போது தெரியும் பக்கவாட்டு அகலம். கணக்கு: தாள்களின் எண்ணிக்கை × ஒரு தாளின் தடிமன். தாள் 0.1 மி.மீ. என்றால் 80 × 0.1 = 8 மி.மீ. அப்போது அட்டைக் கோப்பின் அகலம் 148 + 8 + 148, இரு புறப் பிளீடு 6, ஆக 310 மி.மீ.; உயரம் 216. புதியவர்கள் செய்யும் பிழை, பக்க எண்ணிக்கையான 160-ஐயே பெருக்கி 16 மி.மீ. முதுகு வைப்பது. தாளின் தடிமனை அச்சகத்தில் கேட்டு வாங்குங்கள், ஊகிக்க வேண்டாம்.

சிஎம்ஒய்கே என்றால் என்ன?
நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளால் நிறம் உண்டாக்கும் முறை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது (ஆர்ஜிபி). அந்தப் பளீர் பச்சையும் மின்னும் நீலமும் மையில் வராது, மங்கும்.

ரிஜிஸ்டர் என்றால் என்ன?
நான்கு மைகளும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழுவது. பின்னட்டையின் சின்ன எழுத்துகள் நான்கு மையும் கலந்த கறுப்பில் இருந்தால், தாள் இம்மியளவு விலகினாலும் எழுத்தைச் சுற்றி சிவப்பு, நீல நிழல் தட்டும். சுழியும் வளைவும் நிறைந்த தமிழ் எழுத்தில் இது உடனே கண்ணை உறுத்தும். எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும், K 100.

டிபிஐ என்றால் என்ன?
ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்ற அளவு. அச்சில் படங்களுக்கு 300 எதிர்பார்ப்பார்கள். 1200 பிக்சல் அகலப் படம் 4 அங்குலம் வரை தாங்கும். 72 என்றிருப்பதை மென்பொருளில் 300 என்று மாற்றினால் எண்தான் மாறும், படம் தெளியாது.

ஃபாண்ட் எம்பெட் என்றால் என்ன?
எழுத்துருவையும் பிடிஎஃப்புக்குள்ளேயே சேர்த்து அனுப்புவது. சேர்க்காவிட்டால் அச்சகக் கணினி வேறு எழுத்துருவைப் போடும். வரிகள் இடம் மாறும், பழைய யூனிகோட் அல்லாத எழுத்துருவானால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். Acrobat Reader-இல் Document Properties-இன் Fonts பகுதியைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் Embedded அல்லது Embedded Subset இருக்கிறதா என்று பாருங்கள். ‘கொ’வின் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கிறதென்றால் குற்றம் எம்பெட்டில் இல்லை, பக்க வடிவமைப்பில்: InDesign-இல் World-Ready Paragraph Composer தேர்வாகவில்லை.

சென்டர் பின், பெர்ஃபெக்ட் பைண்டிங்: என்ன வேறுபாடு?
முன்னது தாள்களை நடுவே மடித்துக் கம்பி அடிப்பது. பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக இருக்க வேண்டும், மெல்லிய புத்தகத்துக்குச் சரி. பின்னது முதுகில் பசை ஒட்டுவது. நம் 160 பக்கத்துக்கு இதுதான். ஆனால் புத்தகம் முழுதாக விரியாது. உள் ஓரத்தில் 18 முதல் 20 மி.மீ. விடாவிட்டால் வரியின் நுனி மடிப்புக்குள் புதையும்.

மெய்ப்பு என்றால் என்ன?
அச்சேறும் முன் திருத்தத்துக்காக எடுக்கும் நகல். பிளேட் போட்ட பிறகு ஒரு காற்புள்ளியை மாற்றவும் அந்த பிளேட்டை மறுபடி போட வேண்டும். கையெழுத்திடும் முன், திரையில் அல்ல, தாளில் படியுங்கள். அட்டையில் தலைப்பையும் முதுகிலுள்ள பெயரையும் எழுத்தெழுத்தாக.