பெப்ரவரி 6இல் பேக்கரி திறக்கிறோம்

மாமா, கடை திறப்பு நோட்டீசைத் திருத்தியாச்சு. "பிரமாண்டமான", "மாபெரும்" இரண்டையும் எடுத்துவிட்டேன். ஒரு போறணை, நாலு கதிரைக்கு அது கொஞ்சம் கூடிப்போச்சு. அச்சகத்துக்கு இதையே கொடுங்கள்:

2026 பெப்ரவரி 6, வெள்ளிக்கிழமை, காலை 6.30 மணி.
முதல் மூன்று நாளும் இரண்டு றாத்தல் பாண் வாங்கினால் ஒரு மாலுபணிஸ் இலவசம்.
இல. 214/1, ஏகாம்பரம் வீதி, திருகோணமலை. நீலக் கதவு.

பதினெட்டு வருடம் மற்றவர்களின் போறணையில் பாண் போட்ட கை இது. இனி எங்கள் சொந்தப் போறணையில்.

காலையில் பாண், பணிஸ், பற்றிஸ். பின்னேரம் 3.30க்கு அடுத்த சூட்டுப் பாண் இறங்கும். கடற்கரைக்குப் போகிறவர்கள் போகிற போக்கில் எட்டிப்பாருங்கள். பிறந்தநாள் கேக்குக்கு இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் போதும். பிளேன்டீயும் உண்டு, இருந்து குடிக்கலாம்.

முதல் நாள் பாண் கொஞ்சம் கூடச் சிவந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போறணையும் புதிது, எங்களுக்கும் கை நடுங்கும்.

கடைசி வரி நீங்கள் நேற்று போனில் சொன்னதுதான், அப்படியே போட்டேன். வெட்டவேண்டாம்.