விற்பனைக்கு: மாருதி வேகன் ஆர் வி.எக்ஸ்.ஐ., 2014, பெட்ரோல்

ஓடியது 87,400 கி.மீ. வெள்ளி நிறம். டி.என். 69 பதிவு. இரண்டாவது உரிமையாளர். விலை ரூ. 2,35,000. வண்டி பாளையங்கோட்டை மகாராஜ நகரில் நிற்கிறது.

எல்லோரும் முதலில் கேட்பதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்த வண்டி மூழ்கவில்லை. எங்கள் தெருவில் பாதிச் சக்கரம் வரை தண்ணீர் நின்றது, உள்ளே ஏறவில்லை. அதற்குப் பிறகு இடது பின் சக்கரத்தில் இரைச்சல் கேட்டதால் பேரிங் மாற்றினேன், ரசீது இருக்கிறது. என் பேச்சை நம்ப வேண்டியதில்லை. முன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். தண்ணீர் ஏறிய வண்டி என்றால் துணியின் அடிப்பகுதியில் சேற்றுக்கோடு இருக்கும். மேட்டைத் தூக்கி முகர்ந்தும் பார்க்கலாம். அந்த வெள்ளத்துக்குப் பிறகு நம் பக்கத்தில் கழுவித் துடைத்துக் கைமாறிய வண்டிகள் கொஞ்சமல்ல. யாரிடம் வாங்கினாலும் இதைப் பார்த்துவிடுங்கள்.

2014 ஆகஸ்டில் தூத்துக்குடியில் பதிவானது. முதல் உரிமையாளர் உப்பு வியாபாரி. 2018-இல் 38,000 கி.மீ. ஓடியிருந்தபோது அவரிடமிருந்து நேரடியாக வாங்கினோம். ஆர்.சி. என் மனைவி பெயரில் இருக்கிறது. கையெழுத்துப் போட அவரே வருவார். முதல் உரிமையாளர் வாங்கியிருந்த வங்கிக் கடன் அடைக்கப்பட்டு, ஆர்.சி.யிலிருந்தும் நீக்கப்பட்டுவிட்டது. எங்கள் ஓட்டம் பெரும்பாலும் அம்பாசமுத்திரம் வயலுக்கும் ஊருக்குள்ளும்தான். சாரல் காலத்தில் குற்றாலம். வாடகைக்கு விட்டதில்லை.

2018 வரையிலான சர்வீஸ் எல்லாம் கம்பெனி சர்வீஸ் சென்டரில் நடந்தது. ரசீதுகள் கோப்பில் வரிசையாக இருக்கின்றன. அதன்பின் சமாதானபுரத்தில் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டு வருகிறோம். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை, இல்லாவிட்டால் வருடத்துக்கு ஒருமுறை, ஆயிலும் ஃபில்டரும் மாற்றியிருக்கிறோம். அவர் அச்சடித்த ரசீது தருபவர் அல்ல. தேதி, கிலோமீட்டர், மாற்றிய பொருள் மூன்றையும் நோட்டில் எழுதித் தருவார். நோட்டு வண்டியோடு வரும். பேட்டரி 2024-இல் மாற்றியது. எஞ்சினைப் பிரித்ததில்லை, ஆயில் கசிவோ, புகையோ இல்லை. நெடுஞ்சாலையில் ஏ.சி. இல்லாமல் லிட்டருக்குப் பதினேழு, ஊருக்குள் ஏ.சி. போட்டால் பதின்மூன்று கிடைக்கிறது.

இனி குறைகள். கிளட்ச் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. மிதிக்கக் கனமாக இருக்கும், பிடிப்பும் மேலே வந்துதான் கிடைக்கும். உடனே நின்றுவிடாது என்றாலும் வாங்கிய கையோடு மாற்றிவிடுவது நல்லது. வேகத்தடையில் இறங்கும்போது முன்பக்கம் ‘கட்டக்’ என்று ஒரு சத்தம் வரும்; லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கிறது. ஏ.சி. ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது, ஆனால் வண்ணாரப்பேட்டை நெரிசலில் ஐந்து நிமிடம் நின்றால் காற்று வெதுவெதுப்பாகிவிடும். கண்டென்சர் ஃபேன் மோட்டார் வலுவிழந்துவிட்டது என்கிறார் மெக்கானிக்.

துரு: தூத்துக்குடிக் கடல்காற்றில் நான்கு வருடம் நின்ற வண்டி, தப்புமா? டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் அடித்தகட்டில் ஒரு ரூபாய் நாணய அளவில் இரண்டு இடங்களில் துரு தெரியும். ஓட்டை விழவில்லை. வலது பின்கதவின் கீழ் விளிம்பில் பெயிண்ட் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. அடிப்புறம் ஓரிடத்தில் சுரண்டிப் பூசியிருக்கிறோம். லிஃப்டில் ஏற்றிப் பார்க்க விரும்பினால் நானே கூட வருகிறேன்.

முன் டயர்கள் 2023-இல் தயாரானவை. பின் டயர்களின் பக்கவாட்டில் 1820 என்றிருக்கும்; அதாவது 2020-இன் பதினெட்டாவது வாரம். பட்டன் இருக்கிறது என்று பார்த்து ஏமாற வேண்டாம், ரப்பர் இறுகிவிட்டது. இடது ஹெட்லைட் மஞ்சள் பாரித்திருக்கிறது. பின் பம்பரில் 2021-இல் ஓர் ஆட்டோ உரசியது, காப்பீட்டில் மாற்றினோம். அந்த ஒரு முறை தவிர காப்பீட்டுத் தொகை கோரியதில்லை. சாவி ஒன்றுதான் இருக்கிறது.

ஆயுட்கால வரி கட்டியது. ஆர்.சி. 2029 ஆகஸ்ட் வரை, முழுக் காப்பீடு 2026 மார்ச் வரை. அபராத நிலுவை இல்லை. படிவம் 29, 30 இரண்டையும் கையெழுத்திட்டுத் தருவோம், ஆனால் தேதி போடாத படிவம் தரமாட்டோம். பெயர் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அலுவலகம் சேர்ந்து போகலாம், செலவு வாங்குபவருடையது.

மகள் பெரிய கார் வாங்கிவிட்டாள், வாசலில் இரண்டு வண்டிக்கு இடமில்லை; விற்கக் காரணம் அதுதான். கிளட்சையும் பின் டயரையும் கழித்துத்தான் விலை போட்டிருக்கிறேன். அவற்றைக் காட்டி மறுபடியும் குறைக்கச் சொன்னால் ஒப்பமாட்டேன். மற்றபடி நேரில் பேசலாம். புரோக்கர்கள் வேண்டாம்.

உங்கள் மெக்கானிக்கை அழைத்து வாருங்கள். தாழையூத்து வரை ஓட்டிப் பார்க்கலாம். செய்தி அனுப்பினால் வீட்டு அடையாளம் சொல்கிறேன். ஞாயிறு காலை வயலுக்குப் போய்விடுவேன். மற்ற நாட்களில் மாலை நான்கு மணிக்கு மேல், வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுங்கள். குழல் விளக்கில் பெயிண்டைப் பார்த்துவிட்டுப் பிறகு குறை சொல்லக் கூடாது.