ஐப்பசிக் குழந்தைக்குக் கடைச் சீட்டு

தங்கச்சி, கடைக்கு மாப்பிள்ளை போகும்போது இந்தச் சீட்டைக் கையில் கொடுத்தனுப்பு. 3,500 ரூபாய் போதும். கடைக்காரர் எடுத்துப் போடும் மீதிக்கெல்லாம் "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லச் சொல்.

கட்டாயம்

லங்கோடு – 30. எனக்குச் சித்திரையில் பிறந்தது, 15 போதுமாக இருந்தது. உனக்கோ அடைமழைக் காலம். பிறந்த குழந்தை ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை நனைக்கும், துவைத்தது மறுநாளும் ஈரமாகவே கிடக்கும். நாடா வைத்த வெள்ளைப் பருத்தியாகப் பார்த்து வாங்கு.

முன்பக்கம் முடிச்சுப் போடும் ஜப்லா – 6. தலை வழியாக மாட்டுவது வேண்டாம், கழுத்து நிற்காத பிள்ளைக்குப் போட்டுக் கழற்றுவதற்குள் நமக்கு வேர்த்துவிடும். காதர்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும். வாங்கியதும் ஒருமுறை அலசிக் காயவைத்துவிடு.

ரப்பர் ஷீட் – 2
குல்லா – 2
டிஜிட்டல் தெர்மாமீட்டர் – 1
மிகச் சிறிய சைஸ் டயாப்பர் – சின்னப் பாக்கெட் 1. ஆஸ்பத்திரிக்கும் ராத்திரிக்கும் மட்டும். ஆஃபர் என்று பெரிய பாக்கெட் எடுத்தால், தீர்வதற்குள் பிள்ளை அந்த சைஸைத் தாண்டிவிடும்.

உனக்கு: ஃபீடிங் நைட்டி 3, பெரிய சைஸ் நாப்கின் 2 பாக்கெட். பிள்ளைக்கே எல்லாம் வாங்கிவிட்டு இதை மறந்துவிடுவார்கள், நானும் மறந்தேன்.

வாங்காதே, வீட்டில் இருக்கிறது

சுற்றிவைக்க அப்பாவின் பழைய வேட்டி நாலு. முதல் துணி பழசாக இருக்க வேண்டும் என்று அத்தை எப்படியும் சொல்வார்கள். தூளிக்கு அம்மாவின் நூல் சேலை.

பிரசவத்துக்குப் பிறகு பார்க்கலாம்

கொசுவலை, துண்டு, சோப்பு, எண்ணெய், நகவெட்டி, கிலுகிலுப்பை. அரசு ஆஸ்பத்திரியில் தரும் குழந்தைப் பரிசுப் பெட்டகத்தில் இவை எல்லாமே இருக்கும். டிஸ்சார்ஜ் வரைக்கும் பொறு, கைக்கு வராததை மட்டும் வாங்கலாம்.

ஆசைப்பட்டால், காசு மிஞ்சினால்

டயாப்பர் பை, கைக்கு உறை, ஃபோட்டோவுக்கு ஒரு நல்ல சட்டை (ஒன்றே ஒன்று).

வேண்டவே வேண்டாம்

பால் புட்டி, பால் பவுடர்: ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம். வேறு ஏதாவது தேவைப்பட்டால் டாக்டர் சொல்வார்.
முகப் பவுடர்: மூச்சில் போகும்.
கண்மை: அத்தை கேட்டால் நெற்றியில் ஒரு பொட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல். கண்ணுக்குள் வேண்டாம்.
கிரைப் வாட்டர், தலையணை, ஷூ, வாக்கர்.

தொட்டில் கம்பியும் ஸ்பிரிங்கும் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. துரு பிடித்திருக்கிறதா என்று பார்த்துத் தீபாவளிக்குக் கொண்டுவருகிறேன். அதற்குள் வேறு வாங்கிவிடாதே.