கிணற்றுக் கல்லைப் பற்றி இரு கடிதங்கள்

வணக்கம் அம்மா.

நாமக்கல் பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்துக் கிணற்றுக் கல்லின் படத்தைப் பெரியப்பா உங்களுக்கு அனுப்பியதையும், அதில் 1876 என்று ஆண்டு இருப்பதாக நீங்கள் உடனே சொன்னதையும் கேட்டு வியந்துபோனேன். மூன்று தலைமுறையாக நாங்கள் யாரோ ஒருவரின் பெயரெழுத்து என்று எண்ணியிருந்ததை ஒரே பார்வையில் படித்துவிட்டீர்கள். நீங்கள் மகா கெட்டிக்காரர் அம்மா. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் நல்ல மனத்துக்கு நன்றி. ஆனால் இதில் என் கெட்டிக்காரத்தனம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பழைய கணக்கேடுகளைப் புரட்டிய பழக்கமும் ஒரு கூட்டலும்தான். பெரியப்பா படத்தை அவ்வளவு தெளிவாக எடுத்திருக்காவிட்டால் நானும் விழித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன். அது கிடக்கட்டும், கல்லின் செய்திக்கு வருகிறேன்.

அதில் ‘௲௭௱௯௰௮’ என்று வெட்டியிருக்கிறது. ௭ என்பது ‘எ’ போலவும், ௮ என்பது ‘அ’ போலவும் இருப்பதால்தான் உங்கள் வீட்டார் பெயரெழுத்து என்று நினைத்திருக்க வேண்டும். உண்மையில் அவை தமிழ் எண்கள்: ஆயிரம், ஏழு நூறு, ஒன்பது பத்து, எட்டு. ஆக, பழைய சக ஆண்டுக் கணக்கில் 1798. அதோடு 78-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டான 1876 வருகிறது. மேல் வரியில் ‘தாது வருஷம் ஆவணி’ என்று இருப்பது இதற்குச் சாட்சி. தாது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதால், பெயர் மட்டும் இருந்திருந்தால் 1816 ஆ, 1876 ஆ, 1936 ஆ என்று தடுமாறியிருப்போம். எண்ணும் பெயரும் ஒத்துப்போவதால் ஐயத்துக்கு இடமில்லை.

பஞ்சத்தில் தவித்தவர்களுக்காகவே உங்கள் முன்னோர் அந்தக் கிணற்றை வெட்டினார் என்று குடும்பத்தில் சொல்லிவருவதாகப் பெரியப்பா குறிப்பிட்டார். சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை வாட்டிய கொடும்பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்றே நம்மவர்கள் சொல்வார்கள். ஆகவே கதைக்கு இடமுண்டு. ஆனால் அந்த ஆவணியில் மழை பொய்த்திருந்தாலும் பஞ்சம் அதன் பிறகுதான் முற்றியது. பயிருக்கு நீர் போதாமல் தோண்டிய கிணறாகவும் இருக்கலாம். கல் சொல்வது ஆண்டையும் மாதத்தையும்தான். காரணத்தைச் சொல்வது இப்போதைக்கு உங்கள் வீட்டார் மட்டுமே.

அதனால்தான் ஒரு வேலை சொல்கிறேன். படத்தின் அடியில் பாசி மூடிய இன்னொரு வரி தெரிகிறது. யார் வெட்டுவித்தது, எந்தத் தருமத்துக்காக என்பது பெரும்பாலும் அங்குதான் இருக்கும். கம்பியோ உளியோ கொண்டு சுரண்டாமல், தண்ணீர் தெளித்து மென்மையான தூரிகையால் மட்டும் துடையுங்கள். மாலை வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது படம் எடுத்தால் பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்து எழும்பித் தெரியும். சுண்ணாம்போ மாவோ பூசிவிடாதீர்கள். அந்தப் படத்தை அனுப்பினால் இருவருமாகப் படிப்போம்.

பெரியப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.